தீபம் கழிச்சு வர்றேன் என்றாள்

கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, பம்பைக் கண்ணாயிரம் வீடு எது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். கேட்ட ஆளே கூட நடந்து வந்து காட்டிவிட்டுப் போவான். மாடி வீடு. வாசலில் சொந்த வேன். வேன் கண்ணாடியில் அங்காளம்மன் படம். இதில் ஒரு செங்கல்கூட யாரும் தூக்கிக் கொடுத்தது கிடையாது. மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனுஷன், ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டிய அந்த இரட்டை மேளத்தை இடுப்பில் மாட்டி, அடித்து அடித்தே எழுப்பிய வீடு அது.

சின்ன வயசில் வேறு ஒருத்தர் குழுவில் சிலம்பு ஆட்டப் போனவர். கூலி என்று கேட்டால் மிச்சச் சோறு. பாட்டை யாரும் சொல்லித் தரவில்லை. காதில் விழுந்ததைக் காதிலேயே வைத்துக்கொண்டு, ஆடு மேய்க்கும்போது கல்லைத் தட்டித் தட்டிப் பாடிப் பழகினார். இன்றைக்கு விழுப்புரம் ரோட்டிலிருந்து செங்கம் ரோடு வரைக்கும் அவர் போய்ப் பம்பை அடிக்காத கிணற்றடி ஒன்று காட்டுங்கள் பார்ப்போம். சிறுசுகள் ஸ்பீக்கர் பெட்டி, கலர் லைட் என்று எதை எதையோ கொண்டுவருகிறார்கள். கண்ணாயிரம் வாயைத் திறந்தால் போதும், செத்தவர்கள் எழுந்து உட்காருவார்கள். இது வெறும் பேச்சு இல்லை. அவர் தொழிலே அதுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், அந்த வீட்டில் பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த பெண்ணை முதலில் அழைக்க வேண்டும். அவளைப் பூவாடைக்காரி என்போம். கிணற்றடியில் செம்பில் தண்ணீர் மொண்டு, பூவால் மூடி, வீட்டுப் பெண் ஒருத்தி தலையில் வைத்து நிற்பாள். பம்பை அடிக்க, உடுக்கை அடிக்க, இறந்தவளைப் பெயர் சொல்லி வர்ணித்துப் பாடுவார்கள். அவள் வந்து யார் மேலாவது இறங்கி, "நல்லா இருங்க, நடத்துங்க" என்று உத்தரவு கொடுத்தால்தான் பந்தக்கால் நடுவார்கள். உத்தரவு கிடைக்காமல் தாலி கட்டின வீடுகளைப் பற்றி யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள்.

இத்தனை காலம் செத்தவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கண்ணாயிரத்துக்குச் சில பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. பொழுது சாய்ந்தால் வீட்டில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். பேத்தியைக்கூட "இந்தா பாப்பா" என்பார். ஏன் என்று மருமகள் ஒருநாள் கேட்டாள். "நான் கூப்பிட்டா ஜாஸ்தி பேரு வந்துடறாங்கம்மா" என்றார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

ஆவணி மாதம் அடி அண்ணாமலையிலிருந்து போன் வந்தது. அன்பரசன். டவுனில் சிமெண்ட் கடை வைத்திருப்பவர். அவர் மகள் எழிலரசிக்குத் திங்கட்கிழமை முகூர்த்தம். மனைவி சந்திரகலா போன கார்த்திகையில் இறந்துபோனாள்.

"அண்ணே, சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு டாண்ணு வந்துடணும். ஞாயித்துக்கிழமை நாங்க மண்டபத்துக்குப் போவணும்" என்றார் அன்பரசன்.

சனிக்கிழமை பௌர்ணமி. மலையைச் சுற்றி ஜனம் கடல் மாதிரி நடக்கும். கிரிவலப் பாதையில் சைக்கிளைக்கூட உள்ளே விட மாட்டார்கள். வேறு ஆளாக இருந்தால், "பௌர்ணமியில வேன் எப்படிய்யா வரும், நடக்காத கதை" என்று ஒரே வெட்டாக வெட்டியிருப்பான். கேட்டவர் முகம் சுருங்கியிருக்கும். கண்ணாயிரம் அப்படிப்பட்ட ஆள் கிடையாது.

"வர்றேங்க. உங்க வீட்டுக்கு வராம வேற எங்க போவப் போறேன்? அந்த அம்மா கையால மோர் வாங்கிக் குடிச்சவன் நான்" என்றார் முதலில். கொஞ்சம் விட்டுப் பிடித்தார். "ஒண்ணே ஒண்ணுங்க. சனிக்கிழமை பௌர்ணமியா போச்சு. வேன உள்ள விட மாட்டான். பம்பையக் கட்டிக்கினு அந்தக் கூட்டத்துல நான் நடந்து வந்து சேர்றதுக்குள்ள, எங்கடா இவன காணோம்னு அந்த அம்மாவே எதிர்ல வந்துடுவாங்க."

போனில் அன்பரசன் சிரித்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை பொழுது சாயறப்ப வரட்டுங்களா? இல்ல, சனிக்கிழமை விடியக்காலம், ஜனம் சேர்றதுக்கு முன்ன வரட்டுங்களா? உங்களுக்கு எது தோதோ சொல்லுங்க. வெள்ளிக்கிழமைன்னா பூவாடைக்காரிக்கும் விசேஷம்."

"வெள்ளிக்கிழமையே வாங்கண்ணே. நானும் அதத்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

போனை வைத்ததும், பக்கத்தில் உடுக்கைக்கு வார் இழுத்துக்கொண்டிருந்த மாறன் கேட்டான். மாறன் அவருடைய அக்கா மகன். நாற்பது தாண்டியவன். இருபது வருஷமாக அவரோடு உடுக்கை அடிப்பவன்.

"அவரு எங்க மாமா அத நெனச்சாரு?"

"நெனச்சாருன்னே இருக்கட்டுமேடா. உனக்கு இன்னா கம்மியாச்சு?"

அதுதான் கண்ணாயிரம். முடியாது என்கிற சொல்லை அவர் வாய் சொல்லிக் கேட்டவர் இல்லை. முதலில் வருகிறேன் என்பார். தடையைத் தன் மேல் வைக்காமல் ரோட்டின் மேல் வைப்பார். அப்புறம் கையில் இரண்டு நேரத்தை வைத்துக்கொண்டு, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று நீட்டுவார். எடுத்தவருக்குத் தானே முடிவு பண்ணின சந்தோஷம். இந்த வித்தையை விற்றால் டவுனில் இன்னொரு மாடி வீடு கட்டலாம் என்று அவரே பீற்றிக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை வந்தது.

அன்பரசனின் நிலம் அடி அண்ணாமலை ஊரைத் தாண்டி இருந்தது. நிலத்து நடுவில் பெரிய கிணறு. இறங்குகிற வெயில் மலை மேல் விழுந்து, மலை செம்மண்ணைப் பூசிக்கொண்டதுபோல் நின்றது. கிணற்றடியில் சாணி மெழுகி, மஞ்சள் நனைத்த புதுப்புடவை, கண்ணாடி வளையல், பூ, வெற்றிலை எல்லாம் பரப்பியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் வட்டமாக நின்றார்கள். அன்பரசனின் தங்கை ராணியம்மாள் பூச்செம்பைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். கல்யாணப் பெண் எழிலரசி, அப்பா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழுத முகம் இல்லை. கொஞ்சங்கூட அழாத முகம். அதைக் கண்ணாயிரம் கவனித்தார்.

அன்பரசன் அவரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணே, சீக்கிரம் உத்தரவு வாங்கிக் குடுங்க. மாப்ள இனியன் அடுத்த வாரம் குவைத்துக்கு ஏர்றான். ரெண்டு வருஷம் கழிச்சித்தான் வருவான். திங்கட்கிழமை விட்டா இந்தச் சம்பந்தம் போச்சு. அவங்க வூட்டுல வேற பொண்ணு ரெடியா வெச்சிருக்காங்க."

"ஆவட்டுங்க" என்றார் கண்ணாயிரம்.

பம்பை எழுந்தது. முதலில் அங்காளம்மனுக்கு, அப்புறம் ஊர்த் தெய்வங்களுக்கு, அப்புறம் சந்திரகலாவுக்கு. அவள் பிறந்த ஊரைச் சொல்லி, வாழ்க்கைப்பட்ட ஊரைச் சொல்லி, கட்டின புடவை நிறத்தைச் சொல்லி, நட்ட முருங்கையைச் சொல்லிப் பாடினார். பாட்டின் ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில், "எங்கம்மா இருக்கிற? வா தாயே" என்று குரலைக் கிணற்றுக்குள் இறக்கினார். கிணறு அதை வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, வேறு யாரோ சொன்னதுபோலத் திருப்பிக் கொடுத்தது.

ராணியம்மாளின் கால் முதலில் நடுங்கியது. அப்புறம் தோள். தலையில் இருந்த செம்பிலிருந்து தண்ணீர் தளும்பி முகத்தில் வழிந்தது. இரண்டு பெண்கள் செம்பை இறக்கிக்கொண்டார்கள். அவள் கண்ணை மூடியபடியே மலை இருந்த பக்கம் திரும்பினாள்.

"ஏத்திட்டாங்களா?" என்று கேட்டாள்.

யாருக்கும் புரியவில்லை. ஆனால் எழிலரசி கட்டியிருந்த கை அவிழ்ந்து தொங்கியது. அவள் உதடு வெளுத்ததைக் கண்ணாயிரம் பார்த்தார்.

பம்பையைத் தணித்தார். "வந்தது யாரு தாயே?"

"நான்தான். சந்திரா."

"வாம்மா. வந்த காலு நிக்கக் கூடாது, உக்காரு. உன் பொண்ணுக்குத் திங்கட்கிழமை கல்யாணம். பொடவ வளையல் எல்லாம் வெச்சிருக்கு. ஏத்துக்கினு, புள்ளைய வாழ்த்திட்டுப் போ."

ராணியம்மாள் புடவையைத் தொடவில்லை. "இப்ப எதுக்கு? தீபம் கழிச்சு வர்றேன். அதுக்கு முன்ன என் பொண்ணு கழுத்துல தாலி ஏறக் கூடாது."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. தீபம் என்றால் மலை உச்சியில் ஏற்றுகிற கார்த்திகை தீபம். ஆவணி எங்கே, கார்த்திகை எங்கே? தீபத்தன்றைக்கு மாப்பிள்ளை குவைத்தில் மணல் காற்றில் நின்றுகொண்டிருப்பான்.

கண்ணாயிரம் மூச்சை இழுத்தார். ஆகட்டும் தாயே என்று தொடங்கப் போனார். அதற்குள் அன்பரசன் ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டார். பாவம், பயத்தில் வந்த அவசரம்.

"அதெல்லாம் ஆவாது சந்திரா! மண்டபம் புக் பண்ணியாச்சு, பத்திரிகை குடுத்தாச்சு. திங்கட்கிழமைன்னா திங்கட்கிழமைதான். மாத்த முடியாது!"

உடனே பம்பைத் தோல் தளர்ந்ததுபோல எல்லாம் அடங்கியது. ராணியம்மாள் கண்ணைத் திறந்தாள். "இன்னாண்ணா, ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றாள். அவள் குரல் அவளுடைய பழைய குரல். வந்தவள் போய்விட்டாள்.

இந்தத் தப்பு எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குக் கல்யாணம் யாராவது ஒருத்தர் செய்கிறதுதான். வந்திருப்பவள் மனைவியாச்சே என்கிற உரிமையில் பேசிவிடுவார்கள். உயிரோடு இருந்தபோது கோபித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனவள், சோறு வைக்கத் திரும்பி வருவாள். இப்போது கோபித்துக்கொண்டு அவள் எங்கே போவாள், எப்போது திரும்புவாள், யாருக்குத் தெரியும்?

கண்ணாயிரம் பம்பையை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே அவர் பக்கத்தில் போனார். குரலை உயர்த்தவில்லை.

"கடையில மூட்ட வெல கேக்கறவங்கிட்ட பேசற மாதிரி பேசிட்டீங்களே. அந்த அம்மா சண்டைக்கா வந்துச்சு? நேரம் கேட்டுச்சு. ஏன் கேக்குதுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"அண்ணே, ஏதாவது பண்ணுங்கண்ணே." அன்பரசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உத்தரவு இல்லாம நான் எப்படிப் பந்தக்கால் நடுவேன்?"

மாறன் காதோடு சொன்னான்: "மாமா, திரும்ப வந்தா தீபம்னா தீபம், சரின்னு சொல்லிடு. காரியம் முடியட்டும். அப்பறம் யாரு வந்து கேக்கப் போறாங்க?"

கண்ணாயிரம் அவனைப் பார்த்த பார்வையில் உடுக்கை கீழே விழ இருந்தது.

"உனக்கு வாக்கு குடுத்துட்டு மறக்கலாம்டா. உனக்கே நாளைக்கு மறந்துடும். அவங்களுக்கு மறதி கெடையாது. சரின்னு சொல்லி ஏமாத்தினவன் ஊட்டுல பொழுது சாஞ்சா யாரு வந்து கதவாண்ட நிக்கறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியும். சின்ன வயசில் அவர் சிலம்பு ஆட்டப் போன குழுவின் பெரியவர் அப்படி ஒரு பொய்ச் சம்மதம் கொடுத்தவர். கடைசிக் காலத்தில் அந்த மனுஷன் சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் இன்னொரு இலை போடச் சொல்வார். யாருக்கு என்று சொல்ல மாட்டார்.

மறுபடி அழைத்தார். இந்தத் தடவை பம்பையைக் குச்சியால் அடிக்கவில்லை. விரல் நுனியால் தட்டினார். தூங்கும் குழந்தையைத் தட்டுவதுபோல. வெயில் மலையின் உச்சிக்குப் போய், அங்கிருந்தும் போய்விட்டது. கிணற்றின் உள்ளே இருட்டு முதலில் நிறைந்து, அப்புறம் விளிம்புக்கு மேலே வந்து நிலத்தில் பரவியது. அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். ராணியம்மாள் செம்போடு நின்றாள், நின்றாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்தில் ஒரு கிழவர், "இனிமே வராதுப்பா" என்றார்.

"ஏத்திட்டாங்களா?"

குரல் வந்த பக்கம் எல்லாரும் திரும்பினார்கள். ராணியம்மாள் இல்லை. எழிலரசி. கல்யாணப் பெண். கண் திறந்தே இருந்தது, ஆனால் எதிரில் இருந்த யாரையும் அது பார்க்கவில்லை. கால் மடங்கி, கிணற்றடி மண்ணில் உட்கார்ந்தாள்.

கல்யாணப் பெண் மேல் வரக் கூடாது. வந்தால் உடம்பு தாங்காது என்பார்கள். அன்பரசன் அவளைப் பிடிக்க ஓடினார். கண்ணாயிரம் ஒரு கையை நீட்டித் தடுத்தார். தானும் தரையில் உட்கார்ந்துகொண்டார். பம்பையைப் பக்கத்தில் வைத்தார். அழைக்கிற ஆள் பம்பையை இறக்கி வைப்பது வழக்கம் இல்லை. அன்றைக்கு வைத்தார்.

"இன்னும் ஏத்தல தாயே. ஆவணிதான் ஆவுது. நீ கேட்டது என் காதுல விழுந்துச்சு. தீபம் கழிச்சு வர்றேன்னு சொன்ன. சரியான பேச்சு. உன் ஊட்டு நேரத்த நீ கேக்காம வேற யாரு கேக்கறது? ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கல. சொல்லுவியா? தீபத்துல இன்னா இருக்கும்மா?"

எங்கேயோ நாய் ஒன்று ஊளையிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டது.

"ஆஸ்பத்திரி ஜன்னல்ல மல தெரிஞ்சிச்சு" என்றாள் எழிலரசியின் வாயால். "எனக்குக் கண்ணு மங்கிடுச்சு. ஏத்திட்டாங்களா, ஏத்திட்டாங்களான்னு கேட்டுக்கினே இருந்தேன். இன்னும் இல்லம்மா, தீபம் முடிஞ்சதும் வூட்டுக்குப் போயிடலாம்னு இவ சொன்னா. அரோகரான்னு சத்தம் கேட்டுச்சு. அப்ப இவ என் கண்ண மூடிட்டா."

அன்பரசன் வாயில் துண்டை வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அம்மாவோடு எழிலரசி ஒருத்திதான் இருந்தாள். அந்தப் பேச்சை அவள் வீட்டில் யாரிடமும் சொன்னது கிடையாது. அவள் சொல்லாதது முதலில் ராணியம்மாள் வாயில் வந்தது.

"தீபம் முடிஞ்சதும் வூட்டுக்குப் போலாம்னு சொன்னா. நான் போவல. இன்னும் அங்கியேதான் இருக்கேன். இவ மட்டும் எப்படி இன்னொரு வூட்டுக்குப் போவா?"

பேசுவது அம்மாவா, அம்மாவை உள்ளே வைத்திருக்கிற பெண்ணா என்று கண்ணாயிரத்தால் பிரிக்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அவருக்கு இப்படி ஆனது இல்லை. பிரிக்கவும் அவர் முயற்சி பண்ணவில்லை. யாராக இருந்தாலும் கேட்பது ஒன்றுதான். நேரம் கேட்கிறாள். அந்த நேரத்தில் கல்யாணம் நடக்காது. ஆனால் அவள் கேட்டது கல்யாணத்தைப் பற்றி இல்லை என்பது இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நியாயந்தான் தாயே. வூட்டுக்குப் போறதுக்குத்தான் நேரம் கேக்கற. தாலிக்குக் கேக்கல. அப்படித்தானே?"

வந்தவள் போய்விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தாலி என் கையில இல்ல, உன் வூட்டுக்காரர் கையிலயும் இல்ல. அந்தப் புள்ள கடல் தாண்டிப் போவுது. கப்பலோ பிளைட்டோ, அது நமக்காக நிக்குமா? நின்னா நானே நிறுத்தி வெப்பேன். அதனால தாலி திங்கட்கிழமை ஏறட்டும். ஆனா வூட்டுக்குப் போறது இருக்குதே, அது நம்ம கையில இருக்கு. மாப்ள ஊருல இல்லாதப்ப உன் பொண்ணு அங்க போயி இன்னா பண்ணப் போவுது? தீபம் வரைக்கும் உன் வூட்டுலயே இருக்கட்டும். தீபம் பாத்துட்டு, நீ முன்ன, அவ பின்ன, ரெண்டு பேரும் கெளம்புங்க. உனக்கு அது தோதா இருக்குமா? இல்ல வேற ஏதாவது மனசுல இருந்தா சொல்லு. அதையும் பாக்கலாம்."

எழிலரசி தலையை மெல்லத் தூக்கினாள். "அவங்க வுடுவாங்களா?"

"கேக்காம நான் வாக்கு குடுக்க மாட்டேன். என் பொருள் இல்லாதத எடுத்துக் குடுத்துப் பழக்கம் எனக்குக் கெடையாது. செத்த இரு. போயிடாத. கேட்டுச் சொல்றேன்."

அன்பரசனைப் பார்த்தார். "சம்பந்தியம்மாவுக்குப் போன் போடுங்க. இப்பவே. கல்யாணம் தள்ளிப் போவுதுன்னு ஆரம்பிக்காதீங்க. திங்கட்கிழமை முகூர்த்தம், அதுல ஒண்ணும் மாத்தம் இல்லன்னு மொதல்ல சொல்லுங்க. அப்பறம் இத கேளுங்க."

அன்பரசன் போன் போட்டார். கண்ணாயிரம் சொல்லிக் கொடுத்ததுபோலவே ஆரம்பித்தார். அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா குரல் எல்லாருக்கும் கேட்டது.

"அது எப்படிங்க? வந்த மருமவ எங்க வூட்டுல வெளக்கேத்த வாணாமா? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? அந்த வாரமே வந்துடணும்."

அன்பரசன் வாய் பழைய பழக்கத்துக்கு "முடியா" என்று தொடங்கியது. கண்ணாயிரம் கையை ஆட்டினார். அன்பரசன் பேச்சை மாற்றினார்.

"நீங்க சொல்றது சரிதாங்க. உங்க வூட்டு வெளக்க அவதான் ஏத்தணும். கண்டிப்பா ஏத்துவா." தட்டுத்தடுமாறித்தான் சொன்னார், ஆனால் சொன்னார். "மறுவூட்டுக்கு வந்து, வெளக்கேத்தி, ரெண்டு நாளு இருந்துட்டு வரட்டுங்களா? மாப்ள ஏறினதும் இங்க வந்துட்டு, தீபம் பாத்துட்டு ஒரேயடியா வரட்டும். இல்ல, நீங்களே தீபத்துக்கு இங்க வந்து கூட்டிக்கினு போனா இன்னும் சந்தோசங்க. அவங்க அம்மா... அவங்க அம்மா கேக்கறாங்க."



"அவங்க வந்திருக்காங்களா?" என்றாள் அந்த அம்மா, குரலைத் தாழ்த்தி. "இப்ப அங்கயா இருக்காங்க?"

"ஆமாங்க."

"நானே வர்றேன்னு சொல்லுங்க. தீபத்துக்கு நானே வந்து கூட்டிக்கினு போறேன். கோச்சிக்க வாணாம்னு சொல்லுங்க."

கண்ணாயிரம் அதை வார்த்தைக்கு வார்த்தை எழிலரசியின் முகத்துக்கு நேராகச் சொன்னார். தாலி திங்கட்கிழமை. விளக்கேற்ற இரண்டு நாள். மாப்பிள்ளை ஏறினதும் திரும்பி வருவாள். தீபம் வரைக்கும் அம்மா வீடு. தீபம் கழிந்ததும் இருவருக்கும் வழி. ஒன்றைக்கூட அவர் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

எழிலரசியின் கை நீண்டு, மண்ணில் இருந்த புதுப்புடவையைத் தொட்டது. தொட்டு, மடியில் எடுத்து வைத்துக்கொண்டது. வளையலை எடுத்துப் போட்டுக்கொண்டது.

"நடத்துங்க" என்றாள்.

அன்பரசன் அப்படியே மண்ணில் குப்புற விழுந்து கும்பிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். மாறன் உடுக்கையைத் தூக்கினான். கற்பூரம் கொளுத்தினால் மலையேறிப் போய்விடுவாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள்.

கற்பூரம் எரிந்தது. அவள் போகவில்லை.

"இவ்ளோ தூரம் வந்துட்டேன்" என்றாள். "திங்கட்கிழமை வரைக்கும் இருக்கேன். தாலி ஏர்றதப் பாத்துட்டுப் போறேன்."

குலவை நின்றது. எழிலரசியின் மேல்துணி வேர்வையில் நனைந்திருந்தது. கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே இருந்தால் பெண் சுருண்டுவிடுவாள். திங்கட்கிழமை வரைக்கும் என்றால், மண்டபத்துக்குப் போகவேண்டிய பெண் ஆஸ்பத்திரிக்குத்தான் போவாள். வாங்கின உத்தரவு என்ன ஆவது?

அன்பரசன் கண்ணாயிரத்தைப் பார்த்தார். மாறன் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள். கண்ணாயிரத்துக்குக் கையில் இரண்டு நேரம் கிடைக்கவில்லை. கொடுக்கிறதுக்கு ஒன்றும் இல்லை. போ என்று சொல்லவும் மனசு வரவில்லை. இப்போதுதான் வந்தவள்.

எழிலரசியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"இரு தாயே" என்றார். "உன் பொண்ணு வூடு, யாரு உன்ன போன்னு சொல்றது? எத்தினி நாளு வேணும்னாலும் இரு." அப்புறம் குரலைத் தணித்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல்தான் சொன்னார்: "ஆனா புள்ள காலையிலேர்ந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கலம்மா. பசியோட உக்காந்திருக்கு. நீ உள்ள இருக்கிற வரைக்கும் அதால ஒரு வாய் சோறு துன்ன முடியாது."

ஒரு நொடி. அவ்வளவுதான். எழிலரசியின் கை மடியிலிருந்து எழுந்து, தன் வயிற்றின் மேல் போய்ப் படிந்தது. அடுத்தவள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. வளையல்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் கேட்டது. கிணற்றுத் தண்ணீர் அசைகிற மாதிரியும் ஒரு சத்தம். காற்று இல்லை.

எழிலரசி சாய்ந்தாள். ராணியம்மாள் மடியில் தாங்கிக்கொண்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து, மடியில் இருந்த புடவையைப் பார்த்தாள், கையில் ஏறியிருந்த வளையலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்ததும் அழுதாள். போன கார்த்திகையிலிருந்து சேர்த்து வைத்திருந்த அழுகை அது. யாரும் தடுக்கவில்லை.

அழுது முடித்ததும், "பசிக்குதுப்பா" என்றாள்.

படையல் சோற்றை இலையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். சாப்பிட்டாள். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். சந்திரகலா போனதிலிருந்து அவள் இப்படிச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை என்று அன்பரசன் சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் விடியலில், கூட்டம் சேர்வதற்கு முன்னால் பந்தக்கால் நட ஆள் சொல்லி அனுப்பினார்.

கண்ணாயிரம் பம்பையை வேனில் ஏற்றினார். மற்ற நாளாக இருந்தால் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் தன் பெருமையைப் பேசிக்கொண்டே வருவார். ரெண்டு பக்கமும் பேசி முடித்த ஆளாச்சே, பேசினால் யார்தான் குறை சொல்ல முடியும்? அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

மாறனுக்குத்தான் பொறுக்கவில்லை. "மாமா, அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து சாப்பிடலன்னு உனக்கு யாரு சொன்னது? நான் வந்ததுலேர்ந்து உன்கூடத்தான் இருக்கேன். யாரும் சொல்லலியே."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கண்ணாயிரம் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காதாண்ட யாரோ சொன்னாங்கடா" என்றார். அப்புறம் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி மூடினார்.